முட்டி எங்கே இருக்கிறது?

என் பெரியப்பா மகன் 6 அடி 3 இன்ச். நான் 5 அடி 3 இன்ச். இருவருக்கும் இடுப்பு 32. துணிக்கடையில் இரண்டு பேருக்கும் ஒரே அடுக்கிலிருந்துதான் ஜீன்ஸ் எடுத்துப் போடுவார்கள். எனக்கு அது பாதத்தில் சுருண்டு கிடக்கும். அண்ணனுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும்.

ஆனால் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், எங்களுக்குள் ஓரடி வித்தியாசம் இருப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்ததும் அது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. கவட்டையிலிருந்து பேன்ட்டின் அடி விளிம்புவரை உள்பக்கமாக அளந்தால் எனக்கு 28 இன்ச், அண்ணனுக்கு 35. 12 இன்ச் உயர வித்தியாசத்தில் 7 இன்ச் காலிலேயே இருக்கிறது. நெட்டையும் குட்டையும் பெரும்பாலும் காலில்தான் தீர்மானமாகின்றன. பருவ வயதில் முதலில் நீள்வதும் கால்கள்தான், உடம்பு பிறகுதான் எட்டிப்பிடிக்கும். பையனுக்குச் சட்டை சரியாக இருக்கும்போதே பேன்ட் மட்டும் குட்டையாகிப்போவதைப் பார்த்த எந்த அம்மாவுக்கும் இது தெரியும்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நடுவான ஓர் அளவுக்கு பேட்டர்ன் போட்டுவிட்டு, அதிலிருந்து மற்ற அளவுகளைக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். இதற்கு கிரேடிங் என்று பெயர். இடுப்பு 30, 32, 34 என்று ஏறும்போது தொடையும் சீட்டும் கூடவே ஏறும். கால் நீளம் அப்படி ஏறாது. பல சமயம் எல்லா இடுப்புக்கும் ஒரே நீளம்தான். 8 இடுப்பு அளவுகளை 3 நீளங்களில் தைத்தால், ஒரே நிறத்துக்கு 24 வகை அடுக்கி வைக்க வேண்டியிருக்கும். அதனால் சற்று நீளமாகவே ஒன்றைத் தைத்து அனுப்பிவிடுகிறார்கள். மிச்சத்தை வெட்டிக்கொள்வது வாங்குகிறவர் பாடு.

வெட்டுவதுதான் சுலபமாயிற்றே, குள்ளமானவருக்கு என்ன கஷ்டம் என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். எங்கள் தெருமுனை டெய்லர் அண்ணன்தான் அதை மாற்றினார். நான் கொண்டுபோன ஜீன்ஸை மேசையில் விரித்து, டேப்பை வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீளத்தை நான் வெட்டிருவேன். முட்டியை எப்படி மேல தூக்குறது?”

பேன்ட்டுக்கும் ஒரு முட்டி உண்டு. உள்கால் நீளத்தில் பாதியை எடுத்து, அதிலிருந்து 2 இன்ச் மேலே ஏறினால் வருவது முட்டி என்பது தையல்காரர்களின் கணக்கு. நான் வாங்கிய ஜீன்ஸின் உள்கால் 33 இன்ச். அதன் முட்டி கவட்டையிலிருந்து 14½ இன்ச் கீழே விழும். என் கணக்கோ 28-இல் பாதி 14, அதில் 2 போக 12. ஆக, பேன்ட்டின் முட்டி என் முட்டிக்கு 2½ இன்ச் கீழே தொங்குகிறது. தொடையிலிருந்து குறுகிக்கொண்டே வந்து முட்டியில் பிடிக்க வேண்டிய துணி, என் கெண்டைக்காலின் தொடக்கத்தில் வந்து பிடிக்கிறது. முட்டிக்கு மேலே துணி தளர்ந்து மடிகிறது. கண்ணாடியில் பார்க்கும்போது, ‘நீளத்தைச் சரியாக வெட்டிவிட்டோம், ஆனாலும் இரவல் பேன்ட் போலவே இருக்கிறதே’ என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

கீழ்ப்பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த ஜீன்ஸை விரித்துப் போட்டால் முட்டியில் அகலம் 8½ இன்ச், பாட்டத்தில் 7. இடையில் 18½ இன்ச் தூரம். அடியிலிருந்து 5 இன்ச்சை வெட்டினால், மிகக் குறுகலான பகுதிதான் குப்பைக்குப் போகிறது. புதிய விளிம்பின் அகலம் 7.4 இன்ச், சுற்றளவில் 14 இன்ச்சாக இருந்த வாய் 14.8 ஆகிவிட்டது. பார்க்கச் சின்ன எண். ஆனால் குட்டைக் காலில் அகல வாய் காலை இன்னும் குட்டையாகக் காட்டும். இதற்கு மருந்து உண்டு. நீளத்தை வெட்டியதோடு விடாமல், தொடையின் நடுப்பகுதியிலிருந்தே பக்கத் தையலைப் பிடித்து முட்டியையும் பாட்டத்தையும் சேர்த்துக் குறுக்கித் தைக்கச் சொல்ல வேண்டும். ஜீன்ஸில் உள்கால் பக்கம் இரட்டைத் தையல் ஓடினால், ஒற்றைத் தையல் உள்ள வெளிப்பக்கத்தைப் பிடிப்பது வழக்கம். வெட்டு 2 இன்ச்சுக்குள் இருந்தால் இந்த வேலையே தேவையில்லை, ஒருவருக்கும் தெரியாது. 5 இன்ச் என்றால் தேவை. ஆனால் கவட்டையும் பைகளும் இருந்த இடத்தில்தான் இருக்கும். இடுப்புக்கும் கவட்டைக்கும் உள்ள ஆழம் நமக்கு மீறி இருந்தால் அந்தப் பேன்ட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. அதைச் சரிசெய்ய இடுப்புப் பட்டியையே பிரிக்க வேண்டும். கூலி பேன்ட் விலையை எட்டிவிடும்.

அண்ணனின் பிரச்சினை வேறு. அவருக்கு இல்லாத துணியைக் கொண்டுவர வேண்டும். அது ஒளிந்திருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, அடி மடிப்பு. ஃபார்மல் பேன்ட்டில் உள்ளே 2 இன்ச், சிலவற்றில் 3 இன்ச்கூட மடித்திருப்பார்கள். ஜீன்ஸில் அரை இன்ச் அளவுக்கு இரண்டு முறை சுருட்டித் தைத்திருப்பார்கள், அதை நம்பி வாங்கக் கூடாது. வாங்கும்போதே பாட்டத்தைத் திருப்பி, மடிப்பு எவ்வளவு என்று விரலால் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். 2½ இன்ச் இருந்தால் ஏறக்குறைய முழுவதையும் இறக்கிவிடலாம். விளிம்பை மடிக்கத் துணி மிஞ்சாது என்பதால், உள்பக்கம் அதே நிறத்தில் மெல்லிய பட்டி ஒன்றை வைத்துத் தைப்பார்கள். வெளியிலிருந்து தெரியாது.

தெரியக்கூடியது பழைய மடிப்புக் கோடு. அதில் இரண்டு வகை. துணி மடங்கிப் பதிந்த தடம் என்றால், தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து தொட்டு, ஈரத் துணி போட்டு இஸ்திரி செய்தால் பெரும்பாலும் போய்விடும். தரையிலும் செருப்பிலும் உரசி நூலின் நிறமே தேய்ந்த கோடு என்றால் அது போகாது. எனவே புதுப் பேன்ட்டை முதல் வாரத்திலேயே இறக்கிவிட வேண்டும். இரண்டு வருடம் உடுத்திய பிறகு இறக்கினால், வெளுத்த வளையம் ஒன்று காலைச் சுற்றி நின்றுவிடும்.

நீளம் வேண்டும் என்பதற்காக அண்ணன் ஒருமுறை 36 இடுப்பு பேன்ட்டை எடுத்தார், இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில். ஃபார்மல் பேன்ட்டின் பின்னால் நடுவில் ஓடும் தையல் அதற்காகவே ஏற்பட்டது போலத்தான் இருக்கும். பிரித்துப் பிடிப்பது எளிது. ஆனால் பிடிக்கப் பிடிக்கப் பின்பைகள் ஒன்றையொன்று நெருங்கிவரும். 2 இன்ச்வரை கண்ணுக்கு உறுத்தாது. 4 இன்ச் பிடித்தபோது இரண்டு பைகளும் முதுகுத்தண்டுக்குக் கீழே முட்டிக்கொண்டு நின்றன. அத்தனைக்கும் அவருக்குக் கிடைத்த கூடுதல் நீளம் அரை இன்ச்கூட இல்லை. கிரேடிங்கில் நீளம் ஏறுவதில்லை என்று சொன்னேன் அல்லவா? வெளிநாட்டு பிராண்ட் ஜீன்ஸில் 32/36 என்று இரண்டு எண்கள் போட்டிருப்பதைத் தேடுவதுதான் அவருக்கு வழி. இரண்டாவது எண் உள்கால் நீளம். உங்களிடம் நன்றாகப் பொருந்தும் பழைய பேன்ட் ஒன்றைத் தரையில் விரித்து, கவட்டைத் தையலிலிருந்து அடிவரை அளந்து, அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். உடம்பை அளப்பதைவிட இதில் பிழை குறைவு.

காட்டன் பேன்ட்டாக இருந்தால் எதையும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துவிட வேண்டும். தறியில் நெடுக ஓடும் பாவு நூல்கள் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டே நெய்யப்படுகின்றன. தண்ணீர் பட்டதும் நூல் ஊதி, அந்த இழுவிசை தளர்ந்து, துணி நீளவாக்கில் உள்ளிழுத்துக்கொள்கிறது. பாவுதான் பேன்ட்டில் கால் நெடுக ஓடுகிறது. 3 சதவீதம் சுருங்கினாலே 33 இன்ச்சில் ஓர் இன்ச் போய்விடும். அந்த ஓர் இன்ச் எனக்கு லாபம், அண்ணனுக்கு நஷ்டம்.

சட்டைக் கை இன்னும் நுணுக்கமானது. இங்கே ஃபார்மல் சட்டையின் 39, 40, 42 என்ற எண்கள் காலரின் சுற்றளவு, சென்டிமீட்டரில். கை நீளம் அதோடு ஒட்டிக்கொண்டு வருவது. தனியாகக் கேட்க வழியில்லை. அமெரிக்கச் சட்டைகளில் கைக்குத் தனி எண் உண்டு. ஆனால் அதில் 34 என்று பார்த்து யாரும் மிரள வேண்டாம். அவர்கள் பின்கழுத்தின் நடுவிலிருந்து தோளைக் கடந்து மணிக்கட்டுவரை அளக்கிறார்கள். நம் டெய்லர் தோள்முனையிலிருந்து அளந்து 25 என்று எழுதுவதும், அவர்கள் பாதித் தோளின் 9 இன்ச்சைச் சேர்த்து 34 என்று எழுதுவதும் ஒரே கைதான்.

நீளமான கையைக் குறைக்க, கஃப்பைப் பிரித்தெடுத்து, அடியில் வெட்டி, மறுபடி பொருத்துவார்கள். இதற்கு எல்லை போடுவது கஃப்புக்கு மேலே உள்ள திறப்பும் அதன் பட்டியும். 5 இன்ச் திறப்பில் 1 இன்ச் போனால் பரவாயில்லை. 1½ இன்ச்சுக்கு மேல் போனால் திறப்பு மிகவும் குட்டையாகி, நடுவில் உள்ள சின்னப் பட்டன் கஃப்பை ஒட்டி வந்துவிடும். கையைச் சுருட்டவும் முடியாது. அதற்கு மேல் குறைக்க வேண்டுமானால் தோளில் பிரித்து மேலிருந்து வெட்ட வேண்டும். அங்கே கையின் வளைவையே மாற்றி வெட்ட வேண்டியிருப்பதால், நல்ல கைப்பழக்கம் உள்ளவரிடம் மட்டுமே கொடுக்கலாம். கோட்டில் நிலைமை தலைகீழ். உள்ளே ஓர் இன்ச், சிலவற்றில் ஒன்றரைகூட துணி விட்டிருப்பார்கள், இறக்கவும் முடியும். ஆனால் கைமுனைப் பட்டன்களுக்கு உண்மையிலேயே காஜா வெட்டியிருந்தால் அங்கே கைவைக்க முடியாது.

முக்கால் இன்ச், ஓர் இன்ச் நீளத்துக்கு எதையும் வெட்டவே தேவையில்லை என்பதைக் கற்றபோது நான் அசந்துபோனேன். என் மணிக்கட்டின் சுற்றளவு 6½ இன்ச். சட்டையின் கஃப் 9½. அது மணிக்கட்டில் நிற்க எதுவுமில்லாமல் உள்ளங்கைக்கு மேல் வழுகி விழுகிறது. கை நீளம் என்று நான் நினைத்தது பாதி கஃப்பின் தளர்ச்சி. டெய்லர் அண்ணன் பட்டனை ஒன்றரை இன்ச் உள்ளே தள்ளித் தைத்தார். கஃப் 8 இன்ச்சாகி, கட்டைவிரலின் அடியில் வந்து நின்றுகொண்டது. மிச்ச நீளம் அதற்கு மேலே மெல்லிய சுருக்கமாகத் தங்கிவிடுகிறது. கையை நீட்டும்போதும் மடக்கும்போதும் அதுதான் உதவிக்கு வருகிறது.

அண்ணனின் கைக்கு அப்படி ஒரு வழியும் இல்லை. சட்டைக் கையில் பிரித்துவிட மடிப்பு கிடையாது. தையலுக்குள் இருப்பது அரை இன்ச்கூடத் தேறாது. 2½ இன்ச் கஃப்பைக் கழற்றி 3½ இன்ச் கஃப் வைக்கலாம், அதே துணி கிடைத்தால். அதுவும் ஓர் இன்ச்தான். இப்போது அவர் துணி எடுத்துத் தைத்துக்கொள்கிறார். முதல் சட்டைக்கு அளவெடுத்த அன்று நானும் கூட இருந்தேன். கையைத் தொங்கவிட்டு அளந்தபோது டேப்பில் 26 இன்ச். “சார், பைக் ஓட்டுற மாதிரி மடக்குங்க” என்றார் டெய்லர். முழங்கையின் வெளிப்புறமாகச் சுற்றிவந்த டேப் 27¼ காட்டியது. அவர் எழுதிக்கொண்டது இரண்டாவது எண்ணை. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், கஃப் 8 என்றும் எழுதினார்.