விபிஎன் போதுமா, ஜீரோ டிரஸ்ட்டுக்கு மாறணுமா? சின்ன நிறுவனங்கள் எதைத் தேர்வு செய்யலாம்?

2021 மே மாதம் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பல பெட்ரோல் பங்குகள் காலியாகின. கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் கணினிகளை ஹேக்கர்கள் முடக்கியதால், எரிபொருள் குழாயையே சில நாட்கள் நிறுத்த வேண்டியதாயிற்று. ஹேக்கர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. அதற்கு ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது, பாஸ்வேர்டு மட்டும்தான். நிறுவனம் கொடுத்த பிணைத்தொகை சுமார் 44 லட்சம் டாலர்.

20 பேர் வேலை செய்யும் அலுவலகத்திலும் இதே மாதிரி மறந்துபோன கணக்கு இருக்கலாம். அதனால்தான் 'ஜீரோ டிரஸ்ட்' என்ற பேச்சு சின்ன நிறுவனங்கள் வரை வந்திருக்கிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

விபிஎன் என்பது அடுக்குமாடிக் குடியிருப்பின் மெயின் கேட் சாவி மாதிரி. வீட்டில் இருக்கும் லேப்டாப்பை அது அலுவலக நெட்வொர்க்குக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். உள்ளே எந்தக் கதவைத் தட்டலாம் என்று தனியாகக் கட்டுப்படுத்தவும் வழி உண்டு. ஆனால் சின்ன அலுவலகங்களில் அதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

ஜீரோ டிரஸ்ட்டில் மெயின் கேட் சாவி என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கதவிலும், வந்திருப்பது யார், எந்த லேப்டாப்பில் இருந்து, இந்தச் சாஃப்ட்வேரைத் திறக்க அனுமதி உண்டா என்று பார்க்கப்படும். அனுமதி இல்லாத கதவு இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஒரு உதாரணம் பார்ப்போம்

20 பேர் கொண்ட ஒரு ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள சர்வரில் டேலி, வாடிக்கையாளர் ஆவணங்கள், சம்பள விவரம் என மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஆவணங்களை மட்டும் பார்க்க வேண்டிய ஒரு பகுதிநேர ஊழியரின் லேப்டாப்பில் வைரஸ் புகுந்துவிட்டது. விபிஎன் என்றால், அந்த வைரஸ் மூன்றையும் தட்டிப் பார்க்கலாம். ஜீரோ டிரஸ்ட் என்றால், பாதிப்பு ஆவணங்களோடு நிற்க வாய்ப்பு அதிகம். அந்த ஆவணங்களுக்கு ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லை. அதனால் பேக்கப் கட்டாயம் வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. விபிஎன் கருவி இணையத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி காத்திருக்கும். அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் உடனே அப்டேட் செய்தாக வேண்டும். பல ஜீரோ டிரஸ்ட் கருவிகளில் அலுவலகக் கணினியில் ஒரு சின்ன 'கனெக்டர்' சாஃப்ட்வேர் ஓடும். அதுவே வெளியே போய் சேவை நிறுவனத்தோடு இணைந்துகொள்ளும். ரௌட்டரில் வெளியாட்களுக்காக வழி திறந்து வைக்க வேண்டியதில்லை.

அப்போ எதை எடுக்கலாம்?

முதலில் ஒரு பேப்பரில், வெளியில் இருந்து திறக்க வேண்டியவை எவை, யார் யாருக்கு என்று எழுதுங்கள். மெயில், கணக்கு எல்லாமே கிளவுடில் இருந்தால், இரண்டுமே அவசரமாகத் தேவைப்படாது. இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவதுதான் முதல் வேலை.

அலுவலக சர்வரில் சில சாஃப்ட்வேர்கள் மட்டும் என்றால் ஜீரோ டிரஸ்ட் பொருந்தும். செலவு பெரிய தடை இல்லை. கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்கள் 50 பேர் வரை இலவசத் திட்டம் தருகின்றன.

அலுவலக நெட்வொர்க்கில் இருந்தால்தான் ஓடும் பழைய சாஃப்ட்வேர் இருந்தால், அதைப் பயன்படுத்தும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் விபிஎன் தொடரலாம். ஆனால் இரண்டாவது சரிபார்ப்பும், உடனுக்குடன் அப்டேட்டும் இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே நீக்க வேண்டும்.

எங்கே சறுக்கும்?

கருவியை நிறுவியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. டெயில்ஸ்கேல் போன்ற கருவியில் ஆரம்ப விதியே 'எல்லோரும் எல்லாவற்றையும் அணுகலாம்' என்றுதான் இருக்கும். அதை மாற்றாவிட்டால் பழைய மெயின் கேட் கதைதான். சோதிப்பது சுலபம். பகுதிநேர ஊழியரின் லேப்டாப்பில் சம்பள விவரத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் விதி சரியில்லை.

இந்த முறையில் எல்லாக் கதவுக்கும் ஆதாரம் மெயில் கணக்குதான். அதன் அட்மின் பாஸ்வேர்டு போனால் எல்லாமே போகும். சேவை நிறுவனத்தின் சர்வர் முடங்கினால், வெளியில் இருப்பவர்களின் வேலையும் முடங்கலாம்.

மாறுவதாக இருந்தால், ஒரு சாஃப்ட்வேரில் தொடங்கி இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் மாறிய பிறகு, பழைய விபிஎன் கணக்குகளை மறக்காமல் மூடிவிடுங்கள். கலோனியல் பைப்லைனில் மூடாமல் விட்டது அப்படி ஒரு கணக்கைத்தான்.