மதுரை அத்தைக்குச் சென்னையிலிருந்து கேக்

மதுரையில் இருக்கும் அத்தையின் பிறந்தநாளுக்குச் சென்னையிலிருந்து கேக்கும் பூங்கொத்தும் அனுப்ப வேண்டும். பெரிய இணையதளங்கள் பலவும் தாங்களே கேக் செய்வதில்லை. ஆர்டரை உள்ளூர்க் கடைக்குக் கைமாற்றுகின்றன. அதனால் படத்தில் பார்த்தது ஒன்று, வீட்டுக்கு வருவது வேறு என்றாகிவிடுகிறது.

அத்தை வீட்டுக்கு அருகிலுள்ள பேக்கரியை மேப்பில் தேடி நேரடியாகப் பேசுவது நல்லது. வாடிக்கையாளர்கள் சமீபத்தில் போட்ட படங்களைப் பாருங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கேளுங்கள். கேக்கை என்றைக்குச் செய்வார்கள், எதில் கொண்டுபோவார்கள் என்றும் விசாரியுங்கள்.

கோடையில் ஃப்ரெஷ் க்ரீம் கேக் பைக்கில் போனால் வழியிலேயே இளகிச் சரியும். பட்டர் க்ரீம் சற்றுத் தாங்கும். க்ரீமே இல்லாத ப்ளம் கேக் இன்னும் பத்திரம். ரோஜாவைப் பாதி விரிந்த மொட்டாகக் கேளுங்கள். முழுதாக மலர்ந்தது சீக்கிரம் உதிரும்.

நள்ளிரவு டெலிவரியைவிடக் காலை 9 முதல் 11 மணி வரை மேல்: வெயில் உச்சத்தை எட்டியிருக்காது, கடையும் திறந்திருக்கும். பெட்டியை மூடுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அப்போதே திருத்திவிடலாம்.