அணைந்த போனில் மிஞ்சும் ஐந்து மணி நேரம்

சார்ஜ் தீர்ந்து போன் அணையும்போது பேட்டரி முழுவதுமாக வற்றிவிடுவதில்லை. திரையும் மையச் செயலியும் திடீர் திடீரென அதிக மின்னோட்டத்தை இழுப்பவை. மிச்சம் குறையும்போது அந்த இழுப்பில் பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று சரியும். அது நடக்குமுன் போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. உள்ளே எஞ்சியிருக்கும் சிறு மின்சாரம் திரையை ஒளிர வைக்கப் போதாது. மிகக் குறைவாகச் செலவழிக்கும் ஒன்றிரண்டு சில்லுகளுக்குப் போதும்.

2018-இல் வெளிவந்த ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் பல ஐபோன்கள் இந்த மிச்சத்தை இரண்டு சில்லுகளுக்காக ஒதுக்கி வைக்கின்றன. ஒன்று, அருகிலுள்ள கருவியோடு வானொலி அலையில் பேசும் என்.எஃப்.சி. சில்லு. மற்றொன்று, அட்டைக்குரிய ரகசியச் சாவியைப் பூட்டி வைத்திருக்கும் பாதுகாப்புச் சில்லு. இதற்குத் தனிச் செயலியும் நினைவகமும் உண்டு. போனின் இயங்குதளம் விழித்திருக்க வேண்டியதில்லை. இணையமும் தேவையில்லை, வங்கியைத் தொடர்புகொள்வது எதிர்ப்பக்கத்தின் வேலை.

லண்டன் பாதாள ரயிலில் போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஏறும் நிலையத்தில் போனைக் காட்டி உள்ளே சென்றார்; வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வெளியேறும் வாயிலில் இருண்ட போனை வைத்ததும், அது போக்குவரத்துக் கருவி என்பதை அதன் சமிக்ஞையிலிருந்து போன் அறிகிறது. பாதுகாப்புச் சில்லு அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லும் சங்கேத எண்ணை உருவாக்கித் தருகிறது. திரையில் எதுவும் தெரியாது, கையில் ஓர் அதிர்வு மட்டும். வாயில் திறக்கிறது. திறக்காவிட்டால் பயணம் முடிவுறாததாகக் கருதப்பட்டு, உச்சக் கட்டணம் பிடிக்கப்படும்.

அதே நபர் வெளியே வந்து கடையில் காப்பி வாங்க முயன்றால் பணம் போகாது. கடையில் செலுத்த முகத்தையோ விரல்ரேகையையோ கடவுக்குறியீட்டையோ சரிபார்க்க வேண்டும்; அந்த வேலையைச் செய்யும் பகுதிகள் உறங்கிவிட்டன. எனவே இந்த வசதி, சரிபார்ப்பு கேட்காத ‘எக்ஸ்பிரஸ்’ அட்டைகளுக்கு மட்டுமே: போக்குவரத்து அட்டை, ஜப்பானின் சுய்கா, மாணவர் அடையாள அட்டை, கார்ச் சாவி போன்றவை. கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யும் யு.பி.ஐ.க்கு கேமராவும் திரையும் இணையமும் வேண்டும் என்பதால், அணைந்த போனில் அதற்கு வழியே இல்லை.

அதிகபட்சம் ஐந்து மணி நேரம் என்கிறது ஆப்பிள். பேட்டரி பழையதானால் அதுவும் குறையலாம். வசதி இருக்கிறதா என்பதைப் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அறியலாம். பேட்டரிப் படத்தோடு எக்ஸ்பிரஸ் அட்டைகள் கிடைக்கும் என்ற வரி தோன்றும். ஆனால் அடிக்கடி அழுத்திப் பார்த்தால் சேமிப்பு வேகமாகக் கரையும். பயனரே போனை அணைத்திருந்தால் இந்த வசதி கிடைக்காது. அட்டையை முன்கூட்டியே எக்ஸ்பிரஸாகத் தேர்ந்தெடுத்திருக்கவும் வேண்டும். போன் அணைந்த பிறகு அந்த அமைப்பை மாற்ற வழியில்லை.