சயாம் மரண ரயில் நினைவுகள்: பேட்டியைத் தாளில் தொகுப்பது எப்படி?

ஜப்பானியர் ஆட்சியில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் தாய்லாந்திற்கும் பர்மாவிற்கும் இடையே சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டு செல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். போனவர்களைப் பற்றி இன்று பேசக்கூடியவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகளே. கிளேபாங், ஜாசின், அலோர் காஜா என மலாக்கா வட்டாரத்தில் இத்தகைய பெரியவர்களின் பேச்சைக் காணொளியாகப் பதிவு செய்வோருக்கு, பதிவுக்குப் பிறகு வரும் வேலைதான் சிரமமானது. அதற்கு உதவுவது ‘பேப்பர் எடிட்’ எனும் தாள் தொகுப்பு.

முதலில், பேட்டியில் தேவையற்ற இடைவெளிகளையும் தடங்கல்களையும் மட்டும் நீக்கி ‘ரஃப் கட்’ ஒன்றைத் தயாரிக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் நேரக்குறியீடு ஓடும்படி அதை வெளியிட்டு, பேசுவதை அப்படியே எழுத வேண்டும். பேச்சு வழக்கைச் செந்தமிழாக்கக் கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம், மூலக் கோப்பின் பெயர் மூன்றையும் குறிக்க வேண்டும். இதன் பிறகு ரஃப் கட்டில் கை வைக்கக் கூடாது. தொடக்கத்தில் பத்து விநாடியை வெட்டினால், தாளில் உள்ள அத்தனை நேரங்களும் பத்து விநாடி பிசகிவிடும். அப்படி நேர்ந்தாலும் மூலக் கோப்பின் பெயர் இருந்தால் அந்தப் பகுதியைத் தேடி எடுக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தொண்ணூறை நெருங்கும் ஒரு பாட்டி, சயாமுக்குப் போன தம் தந்தையைப் பற்றிப் பேசுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். 24 நிமிட ரஃப் கட்டிலிருந்து இரண்டு நிமிடம் மட்டும் வேண்டும். பாட்டி பேசிய வரிசை இது:

00:02:15 – 00:02:33: அப்பா திரும்பி வந்து நின்னப்போ எனக்கு அடையாளமே தெரியல. (18 விநாடி)

00:07:40 – 00:08:12: அரிசி கிடையாது. அம்மா மரவள்ளிக்கிழங்கு அவிச்சுக் கொடுத்தாங்க. (32 விநாடி)

00:13:05 – 00:13:33: கிராணி வந்து பேர் எழுதுனாராம். மூனு மாசத்துல திரும்பிடலாம்னு சொன்னாங்களாம். (28 விநாடி)

00:18:20 – 00:19:02: அங்கே மழை, சீக்கு. பக்கத்துல படுத்திருந்தவரு காலையில எந்திரிக்கல. இதெல்லாம் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். (42 விநாடி)

மனத்தில் ஆழப் பதிந்ததைத்தான் பாட்டி முதலில் சொல்கிறார். ஆனால் யார் போனார், எப்படிப் போனார் என்பது தெரியாமல் ‘அடையாளம் தெரியல’ என்ற சொல்லின் கனம் பார்ப்பவருக்கு எட்டாது. ஆகவே தாளில் பெயர் எழுதியது, வீட்டுப் பசி, ரயில் பாதை, திரும்பி வந்தது என்று வரிசையை மாற்றுகிறோம். வீட்டுப் பசியை நடுவில் வைப்பதால், தந்தை அங்கே அவதிப்பட்ட அதே காலத்தில் குடும்பம் இங்கே பட்டதும் தெரிகிறது. மொத்தம் 120 விநாடி, சரியாக இரண்டு நிமிடம்.

இங்கேதான் ஓர் ஆபத்து இருக்கிறது. இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிட்டால், ரயில் பாதைப் பகுதியின் கடைசி வாக்கியத்தை வெட்டத் தோன்றும். வெட்டினால், பாட்டி அந்த மரணத்தை நேரில் பார்த்தவர் போல் ஆகிவிடும். தமிழில் ‘ஆம்’, ‘னு சொன்னாங்க’ போன்ற சொற்கள் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகின்றன. நேரத்தை மிச்சப்படுத்த நாம் முதலில் வெட்டுவதும் அந்தக் கடைசியைத்தான். எனவே தாளில் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே ‘பார்த்தது’ அல்லது ‘கேட்டது’ என்று எழுதிவையுங்கள். நம் எடுத்துக்காட்டில் முதல் இரண்டும் பார்த்தவை, மற்ற இரண்டும் கேட்டவை. ‘கேட்டது’ என்று குறித்த பகுதியில் அதைக் காட்டும் சொல் கட்டாயம் இருக்க வேண்டும். நேரம் போதாவிட்டால் பசிப் பகுதியைச் சுருக்கலாம்.

தாளில் நன்றாக அமைந்தது காதுக்கு ஒட்டாமலும் போகலாம். வாக்கியம் எழுத்தில் முடிந்திருக்கும், குரலோ இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். கேள்வியை நீக்கியிருந்தால், ‘அவரு’ என்று தொடங்கும் பதில் யாரைக் குறிக்கிறது என்பதும் விளங்காது. ஆகவே தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பகுதியையும், முன்னும் பின்னும் இருபது விநாடி சேர்த்துக் கேளுங்கள். அங்கே பாட்டி தாம் சொன்னதைத் திருத்தியிருந்தால், அந்தத் திருத்தமும் படத்தில் வர வேண்டும். இல்லையேல் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும்.