பில்லில் எது சாப்பாடு, எது சேர்மானம்?

ஆஸ்பத்திரிக்கு நோயாளியுடன் துணைக்குப் போகிறவர், நிக்காஹ் ஜவுளி எடுக்க நாலு வீட்டுக்காரர்களைக் கூட்டிப் போகிறவர், சங்கக் காரியமாக வெளியூர் போகிறவர் என்று பலரும் பிறர் பணத்தைக் கையில் வைத்துச் செலவு செய்கிறார்கள். திரும்பி வந்ததும் பில்லைக் கொடுக்கிறார்கள். சாப்பிட்ட அயிட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு தொகை வருகிறது, பில்லின் அடியில் வேறு தொகை நிற்கிறது. அங்கேதான் மனக்கசப்பு தொடங்குகிறது. மழைக்காலத்தில் உப்பளம் நின்றிருக்கும் வீட்டுக்கு எண்பது ரூபாய் சின்னத் தொகை அல்ல. பெரும்பாலும் தப்பு கொண்டுவந்தவரிடம் இருக்காது. அயிட்டம் அல்லாத வரிகளையும் அயிட்டம் என்று எண்ணிக் கூட்டுவதால் வரும் குழப்பம் அது.

ஒரு பில்லையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரிப் பக்கம் ஏசி வசதியுள்ள ஓர் உணவகத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பில் இப்படி இருக்கிறது:

மட்டன் பிரியாணி 2 × 240 = 480.00
சிக்கன் 65, 1 × 190 = 190.00
பரோட்டா 4 × 20 = 80.00
தண்ணீர் பாட்டில் 2 × 20 = 40.00
கூட்டுத்தொகை 790.00
சர்வீஸ் சார்ஜ் 10% = 79.00
சிஜிஎஸ்டி 2.5% = 21.73
எஸ்ஜிஎஸ்டி 2.5% = 21.73
மொத்தம் 912.46
ரவுண்ட் ஆஃப் −0.46
செலுத்த வேண்டியது 912.00

முதல் நான்கு வரிகள்தான் அயிட்டங்கள். அயிட்டத்துக்கு எப்போதும் மூன்று எண்கள் இருக்கும்: எத்தனை, ஒன்றின் விலை, இரண்டையும் பெருக்கிய தொகை. நான்கையும் கூட்டினால் 790 வருகிறது. பில்லில் அச்சாகியுள்ள முதல் கூட்டுத்தொகையும் அதுவே. இது ஒத்துப்போனால் சாப்பாட்டுக் கணக்கு சரி. அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் சேர்மானங்கள்.

சேர்மானங்களில் முதலில் வருவது சர்வீஸ் சார்ஜ். இது அரசு வரி அல்ல. உணவகம் தனக்காகச் சேர்ப்பது. முன்பு இருந்த சேவை வரி 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததோடு போய்விட்டது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைத்துப் பேசாமல் கட்டிவிடுகிறார்கள். சில பில்களில் ‘எஸ்.சி.’ என்று சுருக்கமாகவும், சிலவற்றில் ஊழியர் நலன், ஊழியர் பங்களிப்பு என்ற பெயர்களிலும் வரும்.

இதில் குழப்பம் எங்கே என்றால், சில பில் மெஷின்கள் இந்தத் தொகையை அயிட்டங்களின் நடுவிலேயே எண்ணிக்கை ‘1’, விலை ‘79.00’ என்று அச்சிட்டுவிடும். அப்போது அது ஒரு பதார்த்தம் போலவே தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சந்தேகமான வரியை விட்டுவிட்டு மற்ற அயிட்டங்களைக் கூட்டுங்கள். அந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்தாகவோ பத்தாகவோ அந்த வரி துல்லியமாக நின்றால் அது பெரும்பாலும் சர்வீஸ் சார்ஜ். நம் பில்லில் 790-இல் பத்தில் ஒரு பங்கு 79. சாப்பாட்டு விலை இப்படிச் சரியாக ஒத்துவருவது அபூர்வம். பெயரையும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

அடுத்தது வரி. சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் ஒரே தொகையாக ஜோடியாக நிற்கும். ஒன்று மத்திய அரசுக்கு, மற்றது மாநிலத்துக்கு. இங்கே கவனியுங்கள்: வரி 790-க்குப் போடப்படவில்லை. சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து 869-க்குப் போடப்பட்டிருக்கிறது. 790-க்கு மட்டும் என்றால் ஒவ்வொன்றும் 19.75 ஆக இருந்திருக்கும். ஆக சர்வீஸ் சார்ஜ் இருந்தால் அதற்கும் வரி கட்டுகிறோம்.

கடைசியில் ரவுண்ட் ஆஃப். 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது. 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும், ஆனால் கையில் புழங்குவதில்லை. 46 பைசாவைக் கொடுக்கவும் வாங்கவும் வழியில்லாததால் மெஷின் பக்கத்து முழு ரூபாய்க்குத் தள்ளுகிறது. 50 பைசாவுக்குக் கீழே என்றால் குறைக்கும், 50-ம் அதற்கு மேலும் என்றால் கூட்டும். அதனால் இந்த வரி சில நேரம் கழித்தலாகவும் சில நேரம் கூட்டலாகவும் வரும். எப்படி வந்தாலும் 50 பைசாவைத் தாண்டாது. ‘ரவுண்ட் ஆஃப்’ என்ற பெயரில் நாலு ரூபாயோ எட்டு ரூபாயோ நின்றால் அது பைசாத் திருத்தம் அல்ல, விளக்கம் கேட்க வேண்டிய தொகை. மருந்துக்கடை பில்லிலும் இதே வரி வரும். ஐந்து மருந்து பில்களின் அயிட்டங்களைக் கூட்டும்போது ஓரிரு ரூபாய் முன்பின்னாக வந்தால் முதலில் இந்த வரிகளைப் பாருங்கள்.

டிப்ஸ் பில்லுக்கு வெளியே நிற்பது. பரிமாறியவருக்கு நாம் விரும்பிக் கொடுப்பது, பில்லில் அச்சாகாது. சிக்கல் வருவது போனில் பணம் அனுப்பும்போது. 912-க்கு பில் இருக்க, சர்வருக்கும் சேர்த்து 930 அனுப்பினால் பேங்க் மெசேஜில் 930 என்றே வரும். வீட்டுக்கு வந்து பில்லையும் மெசேஜையும் ஒப்பிடுகிறவருக்கு 18 ரூபாய் எங்கே போனது என்று தெரியாது. ஆகவே பிறர் பணத்தில் செலவு செய்யும்போது டிப்ஸைத் தனியாக ரொக்கமாகக் கொடுங்கள், அல்லது பில்லின் பின்பக்கம் ‘டிப்ஸ் 18’ என்று அங்கேயே எழுதிவிடுங்கள்.

சர்வீஸ் சார்ஜைக் கட்டியே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் இதற்கு நெறிமுறைகள் வெளியிட்டது. உணவகம் தானாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, அது விருப்பத்தைப் பொறுத்தது என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும் என்பன அதன் சாரம். உணவக உரிமையாளர் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றதால் அம்மாதமே அதற்குத் தடை வந்தது. 2025 மார்ச் 28-இல் அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்து, நெறிமுறைகள் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே பணம் கட்டும் முன்பே பில்லைப் பார்த்து, “சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் போடுங்கள்” என்று மேனேஜரிடம் அமைதியாகக் கேளுங்கள். நம் பில்லில் அதை எடுத்தால் 790-உடன் வரி 39.50 சேர்ந்து 829.50 ஆகும். ரவுண்ட் ஆஃப் கூட்டல் 50 பைசா, கட்ட வேண்டியது 830. அந்த ஒரு வரியால் 82 ரூபாய் வித்தியாசம். அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்துக் கொடுத்தால் போதாது, அதற்கான வரி பில்லிலேயே தங்கிவிடும். மறுத்தால் பில்லின் போட்டோவை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

நம்மிடம் உதவிக் கணக்குக்காக பில் கொண்டு வருகிறவர்கள், அயிட்டங்களின் கூட்டுத்தொகையைப் பேனாவால் வட்டமிட்டு, சர்வீஸ் சார்ஜ், வரி, ரவுண்ட் ஆஃப், டிப்ஸ் ஆகியவற்றைப் பக்கத்தில் குறித்துத் தந்தால் போதும். கொடுத்தவருக்கும் செலவழித்தவருக்கும் இடையே சந்தேகத்துக்கு இடமிருக்காது.