முகத்தில் விழும் நிழலும் ஒளி மூலத்தின் அளவும்

காசி நகரத்துப் பழைய வீடுகள் பலவற்றின் நடுவே திறந்த முற்றம் உண்டு. உயர்ந்த சுவர்கள் நேர்வெயிலைத் தடுப்பதால், மேலே தெரியும் வானத் துண்டிலிருந்து பரவி வரும் ஒளியே பெரும்பாலான நேரங்களில் அங்கு விழும். அவ்வொளியில் நிற்பவரின் முகத்தில் கூரிய விளிம்புடைய நிழல் காணப்படுவதில்லை.

1956-ஆம் ஆண்டு வெளியான 'அபராஜிதோ' திரைப்படத்திற்காக இத்தகைய வீடு ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது. திறந்த வெளியில் அமைத்தால் பருவமழை கெடுத்துவிடும் என்ற அச்சத்தால், கலை இயக்குநர் பன்ஸி சந்திரகுப்தா அதனைக் கல்கத்தாவில் ஒரு ஸ்டூடியோவினுள் அமைத்தார். வானத்தின் நிழலற்ற ஒளியை ஸ்டூடியோ விளக்குகளால் உண்டாக்க இயலாது என்று ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அவரிடமும் இயக்குநர் சத்யஜித் ராயிடமும் வாதாடினார். வாதம் பயன்படவில்லை, ஆகவே வேறு வழி காண நேர்ந்தது. முற்றத்திற்கு மேலே வெண்ணிறத் துணியைச் சட்டமிட்டு விரித்து, கீழிருந்து விளக்குகளை அதன்மீது பாய்ச்சினார். துணியில் பட்டுச் சிதறித் திரும்பிய ஒளியே நடிகர்களின் முகங்களில் விழுந்தது.

இம்முறை பயனளித்ததன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒளி மூலம் ஒரு புள்ளியாயின், தடைப்பொருளின் நிழல் முழுவதும் கருநிழலாகவே இருக்கும். மூலம் அகன்றதாயின், அதன் ஒரு பகுதி மறைந்து மறு பகுதி தெரியும் இடங்களில் மங்கிய புறநிழல் தோன்றும். புறநிழலின் அகலத்தைக் காண, மூலத்தின் அகலத்தைத் தடைப்பொருளுக்கும் நிழல் விழும் பரப்பிற்கும் உள்ள தொலைவால் பெருக்கி, மூலத்திற்கும் தடைப்பொருளுக்கும் உள்ள தொலைவால் வகுக்க வேண்டும்.

மூக்கின் நுனிக்கும் அதன் நிழல் விழும் கன்னத்திற்கும் இடையே 4 செ.மீ. தொலைவு எனக் கொள்வோம். 2 செ.மீ. அகலமுள்ள விளக்கு 2 மீட்டர் தொலைவிலிருந்தால், புறநிழல் 0.4 மி.மீ. மட்டுமே. நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் தோன்றும். இதுவே வன்னொளி. விளக்கிற்குப் பதிலாக, அதே தொலைவில் 2 மீட்டர் அகலமுள்ள ஒளிரும் துணி இருந்தால் புறநிழல் 4 செ.மீ. ஆகிறது. அது மூக்கின் அகலத்தையே மிஞ்சுவதால், நுனியின் நிழலில் கருநிழல் எஞ்சுவதில்லை. ஒளி படிப்படியாகக் குறைவது மட்டுமே தெரியும். இதுவே மென்னொளி. ஆயின், அதே துணியை 10 மீட்டருக்கு அப்பால் கொண்டு சென்றால் புறநிழல் 8 மி.மீ. ஆகச் சுருங்கி, நிழல் மீண்டும் உருப்பெறும்.

ஆகவே, மூலத்தின் அளவு மட்டும் போதாது. அளவிற்கும் தொலைவிற்கும் உள்ள விகிதமே முக்கியம். சூரியனின் விட்டம் சுமார் 14 இலட்சம் கிலோமீட்டர். ஆனால் தொலைவு ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர். விகிதம் நூற்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவு. மேலே கூறிய சிறு விளக்கின் விகிதமும் ஏறக்குறைய இதுவே. எனவேதான் நண்பகல் வெயில் முகத்தில் கடுமையான நிழல்களை வீழ்த்துகிறது. மேகம் மூடியபோது வானம் முழுவதும் மூலமாகிவிடுவதால் அந்நிழல்கள் மறைகின்றன.

துணியைப் பயன்படுத்துவோர் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்றுண்டு. விளக்கின் முகப்பிலேயே துணியைக் கட்டினால் மூலம் பெரிதாவதில்லை. ஒளி குறைவதே மிச்சம். பெரிய துணியை விரித்தாலும், விளக்கு அதன் நடுவில் ஒரு சாண் அகலத்திற்கு மட்டும் ஒளியூட்டினால், அந்தச் சாண் அகலமே மூலமாகும். இதனை அறிய, எதிரே அமர்ந்தவரின் கண்மணியை நோக்குக. அதில் தெரியும் பிம்பம் சிறு புள்ளியாயின் ஒளி வன்மையானது. அகன்ற பரப்பாயின் மென்மையானது.

மென்னொளிக்கும் குறைகள் உண்டு. துணி ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்வதால் முகத்தை அடையும் பங்கு சிறிது. விளக்குகள் அதிகம் வேண்டும். மேலும் மூலம் தலைக்கு நேர் மேலே மட்டும் இருந்தால் கண்குழிகள் இருண்டுவிடும். முகத்தின் முன்புறம் சற்றுத் தாழ்வாக வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்தால் அவ்விருள் குறையும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். வெயிலில் ஒரு பென்சிலைத் தாளுக்கு மேல் 10 செ.மீ. உயரத்தில் பிடித்தால், நிழலின் விளிம்பு சுமார் 1 மி.மீ. அளவே மங்கும். 1 மீட்டர் உயர்த்தினால் மங்கல் சுமார் 1 செ.மீ. ஆகி, பென்சிலின் கருநிழல் மறைந்துவிடும்.