உரையாடலைத் தேடி எடுக்கும் வழி

வீட்டு முன்பணம் பற்றி உரிமையாளருடன் வாட்ஸ்அப்பில் நடந்த பேச்சு, இரண்டு ஆண்டு கழித்து வீட்டைக் காலி செய்யும்போது தேவைப்படும். அதை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்தால் மட்டும் போதாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கணினியின் சாதாரணக் கோப்புத் தேடல் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. எழுத்துணரி மென்பொருள் அந்தப் படத்தைப் படித்து உரையாக்கித் தரும். இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட், தமிழ்த் தரவுக் கோப்பையும் நிறுவிவிட்டால், தமிழும் ஆங்கிலமும் கலந்த உரையாடலையும் படிக்கும்:

```
tesseract 2025-03-14_advance_1.png 2025-03-14_advance_1 -l tam+eng
```

இதனால் அதே பெயரில் ஓர் உரைக்கோப்பு உருவாகும். கோப்பின் பெயரிலேயே தேதி இருப்பது முக்கியம். அன்றே எடுத்த படத்தில் 'இன்று' என்றுதான் இருக்கும். பின்னாளில் அதை வைத்து எந்த நாள் என்று சொல்ல முடியாது. நீண்ட பேச்சென்றால், ஒரு படத்தின் கடைசிச் செய்தி அடுத்த படத்தின் தொடக்கத்திலும் வரவேண்டும். அப்போதுதான் இடையில் எதுவும் விடுபடவில்லை என்பது தெரியும்.

கறுப்புப் பின்னணியிலும் படம் போட்ட பின்னணியிலும் பிழை கூடும். வெள்ளைப் பின்னணிக்கு மாற்றி எடுப்பது நல்லது. ன, ண போன்ற எழுத்துகள் மாறலாம், 50,000-இல் ஒரு சுழியம் குறையலாம். தொகையையும் பெயரையும் மட்டுமாவது படத்துடன் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். 'முன்பணம்', 'அட்வான்ஸ்', 'advance' என மூன்று விதமாகவும் எழுதுவார்கள் என்பதால், கோப்பின் முதல் வரியில் இந்த மூன்றையும் சேர்த்துவிட்டால் எப்படித் தேடினாலும் அகப்படும். உரைக்கோப்பு தேடுவதற்கு மட்டுமே. மூலப் படத்தை அழித்துவிடாதீர்கள்.